ஐந்தாம் படிக் கேள்வி

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் பட்டியலில் புருஷோத்தமன் என்ற பெயரைப் பார்த்த அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. கல்லூரி கேன்டீனில் வழக்கமான இரண்டு தோசைக்குப் பதில் நான்கு தின்றேன். பதினெட்டு வருஷம் காத்திருந்தேன். கடைசியில் மனுஷன் என் கையில் வந்து மாட்டினார்.

என் பெயர் தேவயானி. சொந்த ஊர் நகரி பக்கம். சித்தூரில் ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் முறையைப் பாடமாக எடுக்கிறேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்திருக்க வேண்டியவள் நான். என்னைத் தடுத்தது அந்த மனுஷன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஆசிரியர் பயிற்சியின் கடைசி செய்முறைத் தேர்வில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நானே எழுதிய ஒரு சின்னக் கதையை நடத்தினேன். பாப்பாத்தி தன் வேலியோரம் பூசணி விதை போடுகிறாள். கொடி வேலி தாண்டிச் செங்கம்மா வீட்டுப் பக்கம் போகிறது. செங்கம்மா அதை வெட்டாமல் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள். காய் அந்தப் பக்கம் காய்க்கிறது. யாருக்குச் சொந்தம் என்று சண்டை. நட்டவளுக்கும் தண்ணீர் ஊற்றியவளுக்கும் சமபங்கு என்று சொல்லி, ஊர்க்காரர்கள் காயைப் பாதியாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசிக் கேள்வியாகப் பிள்ளைகளிடம், "ஊர்க்காரங்க செஞ்சது சரியா?" என்று கேட்டேன். என் குறிப்பேட்டில் அதற்கு நேராக 'மதிப்பிடல்' என்று உயர்ந்த படியைக் குறித்திருந்தேன். தேர்வாளராக வந்திருந்த புருஷோத்தமன் சார் சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு 'வெறும் நினைவுகூர்தல்' என்று எழுதினார். நான் எழுந்து வாதாடினேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இந்த அக்கா இன்னும் ஒரு வருஷம் படிக்கணுமாம், எல்லாரும் கை தட்டுங்க" என்றார். நாற்பது பிள்ளைகளும் தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

நான் ஃபெயில். அந்த வருஷம் ஆசிரியர் வேலைக்கான டி.எஸ்.சி. தேர்வு வந்தது. தமிழ் மீடியத்துக்கு எங்கள் பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவு இடம்தான். சான்றிதழ் இல்லாததால் விண்ணப்பமே போட முடியவில்லை. அடுத்தடுத்த முறை கல்யாணம், பிள்ளை, வயது என்று ஒவ்வொன்றாகக் கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கைதட்டல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

பட்டியலைப் பார்த்த மறுநாளே வகுப்பில் கற்றல் நோக்கங்களின் படிநிலைகளை எடுத்தேன். முப்பத்திரண்டு பயிற்சி ஆசிரியர்கள். பாடத்துக்கு அதே பூசணிக்காய்க் கதை.

"கீழ்ப்படி நினைவுகூர்தல்," என்றேன். "பாப்பாத்தி விதையை எங்கே போட்டாள்? பதில் கதையிலேயே இருக்கு. பிள்ளை ஞாபகம் வைத்துச் சொன்னால் போதும். அதற்கு மேலே புரிதல். கொடி தன் பக்கம் வந்தபோது செங்கம்மா ஏன் வெட்டலை? கதையில் அதற்கு நேரான வரி இல்லை. பிள்ளை கதையைப் புரிந்துகொண்டு தன் வார்த்தையில் சொல்லணும்."

முன் பெஞ்சில் இருந்த பிரவீன் கையைத் தூக்கினான். வகுப்பின் வாயாடி. "அப்டின்னா 'ஏன்'னு வந்தா புரிதல்னு குறிச்சிக்கலாமா மேடம்? ஈஸியா போயிடும்."

"போகும் போகும், உன் மார்க்கும் சேர்ந்து போகும். 'கொடியில் பூ இருந்ததால் செங்கம்மா வெட்டவில்லை' என்று கதையில் ஒரு வரி இருந்தால்?"

அவன் யோசித்தான். "அத்த அப்டியே பாத்து சொல்லிடுவான்."

"அப்போ 'ஏன்' போட்டாலும் அது நினைவுகூர்தல்தான். கேள்வியில் இருக்கிற வார்த்தையைப் பார்த்துப் படியை முடிவு பண்ணாதே. பிள்ளை அந்தப் பதிலுக்கு என்ன வேலை செய்கிறான் என்று பார். நேற்றே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டு இன்றைக்கு எவ்வளவு பெரிய கேள்வி கேட்டாலும் அவன் ஒப்பிக்கத்தான் செய்வான்."

கரும்பலகையில் மேலே மேலே எழுதிக்கொண்டு போனேன். பயன்படுத்தல்: ஒருவர் நிலத்து மாமரத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் பாய்ச்சினால், இந்த ஊர் சொன்ன விதிப்படி மாங்காயை எப்படிப் பங்கு போடுவார்கள்? கதையில் கற்ற விதியைப் புது இடத்தில் வைத்துப் பார்க்கிற வேலை. பகுத்தாராய்தல்: சண்டையில் பாப்பாத்தி சொன்னவற்றில் எது நடந்தது, எது அவளுடைய நினைப்பு என்று பிரித்துக் காட்டு. மதிப்பிடல்: ஊர்க்காரர்கள் காயைப் பாதியாக வெட்டியது சரியா, எதை வைத்துச் சொல்கிறாய்? படைத்தல்: அடுத்த வருஷம் இந்தச் சண்டை வராமல் இருக்க இருவரும் ஒத்துக்கொள்கிற ஓர் ஒப்பந்தம் எழுது.

"நான் படித்த காலத்தில் மதிப்பிடல்தான் உச்சியில் இருந்தது. இப்போது படைத்தலை மேலே ஏற்றிவிட்டு இதை ஐந்தாம் படியாக வைத்திருக்கிறார்கள்," என்றேன். அந்த ஐந்தாம் படியைச் சுண்ணக்கட்டியால் இரண்டு முறை வட்டமிட்டேன்.

என் கணக்கு இதுதான். புருஷோத்தமன் சார் வார்த்தையைப் பார்த்துப் படி சொல்கிற ஆசாமி. 'சரியா' என்று முடிந்தால் சரி-தவறு கேள்வி என்று எடுத்துக்கொண்டு நினைவுகூர்தல் என்று எழுதிவிடுவார் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதே கேள்வியை என் மாணவி ஒருத்தி கேட்க வேண்டும். அவர் அதே சிவப்பு மையில் அடித்து அவளை ஃபெயிலாக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் திருப்பதி தேர்வு அலுவலகத்துக்குப் போவேன். படிநிலையே தெரியாதவர் தேர்வாளரா என்று கேட்பேன். பெயர் பட்டியலிலிருந்து போகும். போகிற இடமெல்லாம் சார் சார் என்று நாற்காலி போடுகிறார்களே, அதுவும் போகும்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்தவள் சந்தியா. சாந்திபுரம் பக்கத்துக் கிராமம். அப்பா கருப்பன் பலமனேர் மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவள் இவள் ஒருத்திதான். வகுப்பிலேயே கெட்டிக்காரி. கெட்டிக்காரியை ஃபெயிலாக்கினால்தானே அவர் மானம் போகும்! மேல்முறையீட்டில் ஒரே மாதத்தில் அவளுக்குத் தேர்ச்சி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் பாடக்குறிப்பை எடுத்து வந்தபோது, ஐந்தாம் படிக் கேள்வியில் 'காரணத்துடன் கூறு' என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்தேன்.

"அது வேணாம்மா. வெறுமனே 'சரியா'ன்னு கேளு. காரணத்தைப் பிறகு வாயால் கேட்டுக்கலாம்."

"கிளாஸ்ல காரணம் கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்?"

"நான்தானே சொன்னேன், நான்தானே இப்போவும் சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். எதிர்த்துக் கேட்கத் தெரியாத பெண். "மேடம், இந்தத் தபா டி.எஸ்.சி.ல தமிழுக்கு இடம் இருக்குதாம். அப்ளிகேஷன் போட ஒரு மாசந்தான் டைமாம். நைனா இப்பவே மண்டியில எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியிறாரு, என் பொண்ணு டீச்சரு டீச்சருன்னு."

ஒரு மாதம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. மேல்முறையீடு ஒரு மாதத்தில் முடியுமா? முடியலாம். முடியாமலும் போகலாம். "தைரியமா போ," என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

தேர்வு சித்தூரில் ஒரு தமிழ் மீடியம் தொடக்கப்பள்ளியில், ஐந்தாம் வகுப்பில் நடந்தது. புருஷோத்தமன் சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்றாக வயதாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை, சட்டைப் பையில் அதே சிவப்புப் பேனா. வணக்கம் சொன்னேன். "நமஸ்தேம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார், யாருக்கோ சொல்வதைப் போல. என்னை அடையாளம் தெரியவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்த மனுஷனுக்கு என் முகம்கூட ஞாபகமில்லை! நான் அவளுடைய வழிகாட்டி என்பதால் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மதிப்பெண் தாளில் எனக்குக் கையெழுத்து கிடையாது.

சந்தியா அருமையாக நடத்தினாள். நான்கு படிகளும் ஒழுங்காக ஏறினாள். ஐந்தாவதுக்கு வந்தாள்.

"ஊர்க்காரங்க காயைப் பாதியா வெட்டிக் கொடுத்தாங்களே, அது சரியா?"

முப்பது பிள்ளைகளும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "சரி அக்கா! ஏன்னா ஒருத்தி நட்டாள், ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். உழைப்புக்கு ஏற்ற பங்கே நியாயம்!"

புருஷோத்தமன் சார் பேனாவை எடுத்தார். 'நினைவுகூர்தல்' என்று எழுதினார். சிவப்பு மை. நான் எதிர்பார்த்த அதே வார்த்தை, அதே சாய்ந்த எழுத்து. என் நெஞ்சு துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. 'உழைப்புக்கு ஏற்ற பங்கே நியாயம்' என்று எந்த ஊர்ப் பிள்ளை பேசும்? இவள் முன்னமே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

அவர் எழுதியது சரி.

ஆறாவது கேள்வியும் முடிந்து மணி அடித்தது. அவர் என் பக்கம் சாய்ந்தார். "ஒப்பிக்கிறாங்கம்மா. கேள்வி நல்ல கேள்வி. ஆனா அதுங்க யோசிக்கல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு இதே மாதிரி பூசணிக்காய்க் கதைதான் நடத்திச்சி. அப்பவும் இப்டித்தான், நாப்பது பசங்களும் ஒரே பாட்டு."

அந்தப் பெண்ணும் முந்தின நாள் மாலை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். பதினெட்டு வருஷமாக, இருபத்தைந்து வயதில் ஃபெயிலான அந்தக் கதையை என் பயிற்சி ஆசிரியர்கள் உட்பட எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. நாளடைவில் எனக்கே அது நடக்காத மாதிரி ஆகிவிட்டது. அவர் அன்றைக்கும் தப்பு செய்யவில்லை என்று தெரிந்தே இவ்வளவு வருஷம் வெறுத்திருக்கிறேன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை தட்டச் சொன்னாரே, அது? அதற்கு எந்த நியாயத்தில் இடம் இருக்கிறது?

சந்தியா கரும்பலகை ஓரம் நின்று அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "சொல்லிக் குடுத்தியாம்மா?" என்று அவர் கேட்டார்.

"பயமா இருந்துச்சி சார். நேத்து சாயந்திரம் வந்து சொல்லிக் குடுத்துட்டேன்."

அவர் கையிலிருந்த மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்தார். "பர்வாலேது, பரவாயில்ல. இன்னும் பத்து நிமிஷம் எடுத்துக்கோ. இதுங்களுக்கு நீ சொல்லிக் குடுக்காத கேள்வி ஒன்னு கேளு. நான் பார்க்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அவளை ஃபெயிலாக்கியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. எனக்கு ஏன் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்கவில்லை? நானும் பயந்துதானே சொல்லிக் கொடுத்தேன்? எனக்குக் கைதட்டல், இவளுக்குப் பர்வாலேதா?

சந்தியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகளைப் பார்த்தாள். "காயை இன்னும் வெட்டலைன்னு வெச்சிக்கோங்க. செங்கம்மா வீட்டுல அன்னிக்கு அடுப்பே எரியல. பாப்பாத்தி வீட்டுல சோறு இருக்குது. ஊர்க்காரங்க முழுக் காயையும் செங்கம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. இது நியாயமா? எதை வெச்சி சொல்றீங்க?"

ஒப்பிக்க எதுவும் இல்லை. துர்காதேவி என்ற ஒரு பெண் எழுந்தாள். "பாப்பாத்தியக் கேக்காம குடுக்கக் கூடாதுக்கா. கேட்டா அவளே குடுத்துடுவா."

"கேட்டும் குடுக்கலன்னா?" பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். "அவ பட்னி கெடக்கணுமா?"

"அதுக்கோசரம் அடுத்தவ காயை எடுப்பியாடா நீ? உங்கூட்டு ஆட்டைப் புடிச்சிக் குடுப்பியா?"

"பசிக்கிறது பெருசா, நட்டது பெருசா? அத சொல்லு மொதல்ல!"

வகுப்பே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. சந்தியா ஒவ்வொருத்தரையும் "நீ எதை வெச்சி சொல்ற?" என்று மடக்கிக் கேட்டுக்கொண்டே போனாள். புருஷோத்தமன் சார் சிரித்தார். தாளைத் திருப்பி, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மதிப்பிடல், மிக நன்று' என்று எழுதி மதிப்பெண்ணையும் மாற்றினார். சந்தியா அவர் காலில் விழப் போனாள். அவர் விடவில்லை.

என் பையில் நான் முன்னாலேயே எழுதி வைத்திருந்த புகார்க் கடிதம் இருந்தது. அது இனி உதவாது. ஆனால் எனக்கு விதி நன்றாகத் தெரியும். மணி அடித்த பிறகு ஒரு நிமிஷம்கூட நீட்டக் கூடாது. தேர்வின் நடுவே தேர்வாளர் பேசக் கூடாது. போட்ட மதிப்பெண்ணை அடித்துத் திருத்தக் கூடாது. மூன்றையும் அவர் என் கண்முன்னே செய்தார். இது பழைய கடிதத்தைவிடப் பலமானது. படிநிலை தெரியுமா தெரியாதா என்று அலுவலகத்தில் யாரும் சண்டை போட மாட்டார்கள். மணி நேரமும் தாளில் அடித்துத் திருத்தியதும் எந்தக் குமாஸ்தாவுக்கும் புரியும்.

அந்த மதிப்பெண் போனால் சந்தியாவின் தேர்ச்சியும் போகும். அதுவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். தேர்வு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் தனசேகர் எனக்குக் கொஞ்சம் பழக்கம். புதுக் கடிதத்தை அவர் மேஜையில் வைத்தேன். "என் பேரு வரக் கூடாது," என்றேன். அவர் இரண்டு முறை படித்தார். "பொண்ணு கதி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா மேடம்? மறுதேர்வு ஆறு மாசம் கழிச்சிதான்."

"விதி விதிதானே சார்," என்றேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நன்றாகவே இனித்தது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. புருஷோத்தமன் சாரைத் தேர்வாளர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். சந்தியாவுக்கு அவர் திருத்திப் போட்ட மதிப்பெண்ணும் ரத்து. விளக்கம் கேட்ட கடிதத்துக்கு அவர், "ஆம், நேரம் கொடுத்தேன், அந்தப் பெண் தகுதியானவள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினாராம். அவருடைய காலி இடத்துக்கு என் பெயரைக் கேட்டு அனுப்பினார்கள். அன்று சாயந்திரம் வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள், சும்மாதான் என்றேன்.

டி.எஸ்.சி. விண்ணப்பத் தேதி முடிந்த மறுநாள் சந்தியா கல்லூரிக்கு வந்தாள். ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தேன். அழுது முடித்த முகம். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"உக்காரும்மா," என்றேன்.

"வாணாம் மேடம். நைனா மண்டிக்கே போவ மாட்டேன்றாரு. அங்க எல்லாரும் கேக்கறாங்களாம், டீச்சரு வேலை இன்னா ஆச்சின்னு."

"ஆறு மாசம்தான். மறுதேர்வுல நீ கண்டிப்பா..."

"அந்தப் பத்து நிமிஷம் பெரியவங்க மூணு பேருதான் மேடம் இருந்தோம்." அவள் குரல் ஏறவே இல்லை. "சாரு தன் மேல தானே எழுதிக்க மாட்டாரு. நானும் எழுதல."

மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்து முடியவில்லை.

அவள் தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"உங்க பேரை முழுசா சொல்லுங்க மேடம். இனிஷியலோட."

"எதுக்கும்மா?"

"எனக்கும் வயசு இருபத்தஞ்சுதான ஆவுது," என்றாள். "மறந்துடக் கூடாதில்ல."

நான் சொன்னேன். அவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.